மாணவர் பாராளுமன்றத்துக்கு யார் பதில் சொல்வது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அதிபர்களுக்கும்,

இந்தத் தவணையில் ஒரு வலயத்திலிருந்து பாடசாலைகளுக்கு இரண்டு கடிதங்கள் போயின. காலை 7.20க்குக் கேற்றைப் பூட்ட வேண்டும், அதன் பிறகு வரும் பிள்ளையைப் பெற்றோரோடு வந்தால்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்றது முதலாவது. மாத முடிவுக்குள் மாணவர் பாராளுமன்ற அமர்வை நடத்திப் படங்களோடு அறிக்கை அனுப்பும்படி கேட்டது இரண்டாவது. அந்த அறிக்கைப் படிவத்தில் நான்கு நிரல்கள். அமர்வு நடந்த திகதி, வருகை தந்த அதிதிகள், கலந்துகொண்ட மாணவர் தொகை, படங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுத அதில் இடமில்லை.

கேற் விதி பிள்ளைகளின் ஒவ்வொரு காலையையும் தொடுகிறது. அதைப் பற்றி நாங்கள் அறிந்த ஓர் அமர்விலும் ஒரு சொல் வரவில்லை. வர வழியும் இல்லை. கேள்வியையும் பதிலையும் பொறுப்பாசிரியர் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். சுகாதார அமைச்சர் டெங்கு பற்றிப் பேசுவார், சூழல் அமைச்சர் மரம் நடச் சொல்வார், சபாநாயகர் சபையை ஒத்திவைப்பார், அதிதிக்கு மாலை போடுவார்கள். அடுத்த அமர்வில் முந்தைய அமர்வின் தீர்மானம் என்னவானது என்று ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் தீர்மானம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப்புக்காக எழுதிய நூலில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்பது அவர் முடிவு. பெரியவர்களின் கருத்தைப் பிள்ளையின் வாயில் வைப்பது, பிள்ளையை அலங்காரத்துக்கு நிறுத்துவது, கேட்பதுபோலக் காட்டிக்கொள்வது என்பவைதான் அந்த மூன்றும். எங்கள் அமர்வுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை இரண்டு கடமைகளைச் சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை கருத்துச் சொல்ல இடமிருக்க வேண்டும். அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற கனம் கொடுக்க வேண்டும். பிள்ளை சொன்னபடியே செய்யவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. இந்த எல்லையைப் பற்றிக் கீழே எழுதுகிறோம், ஏனென்றால் எல்லை தெரியாததால்தான் பல அதிபர்கள் கேட்கவே பயப்படுகிறார்கள்.

முதலில் கேற்.

பிந்தி வருவதற்கு எது காரணம் என்பது பிள்ளைக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த விடயம். உங்களிடம் பிந்தி வந்தோர் பதிவேடு இருக்கிறது. கேற்றடியில் நிற்கும் மாணவத் தலைவர் பெயர், வகுப்பு, நேரம் எழுதுகிறார். ஊரும் காரணமும் அதில் இல்லை. அந்த இரண்டு நிரல்களையும் சேர்த்து இரண்டு கிழமை எழுதினாலே ஒரு உருவம் தெரியும். அதோடு தரம் 6 முதல் 11 வரை எல்லா வகுப்புக்கும் கால்தாள் அளவில் ஒரு துண்டு கொடுங்கள். அதில் ஒரே நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். "கடைசியாகப் பிந்தி வந்த நாளில் வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்? எதில் வந்தீர்? எது பிந்தவைத்தது?" பொதுவாக "ஏன் பிந்துகிறீர்கள்" என்று கேட்டால் "இனிப் பிந்தமாட்டோம் சேர்" என்றுதான் எழுதுவார்கள். நடந்து முடிந்த ஒரு நாளைக் கேட்டால்தான் நடந்ததை எழுதுவார்கள்.

துண்டுகளைக் காரணத்தின்படி அடுக்கினால் சில கட்டுகள் வரும். படுவான்கரைப் பக்கமிருந்து காலையில் ஒரேயொரு பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் ஒரு கட்டு. தம்பியையோ தங்கச்சியையோ ஆரம்பப் பாடசாலையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னொன்று. சைக்கிள் காற்றுப்போனது, மாரியில் வீதியில் தண்ணீர் நின்றது என்று சில வரும். இரவு ரியூஷன் முடிந்து பிந்திப் படுத்தது, சும்மா நித்திரை கொண்டது என்றும் வரும். பிள்ளைகள் இதை ஒளிப்பதில்லை, துண்டில் பெயர் இல்லை என்று நம்பினால்.

இந்தக் கட்டுகளுக்கு ஒரே மருந்து பொருந்தாது. பஸ்ஸால் பிந்துகிற பிள்ளையைப் பெற்றோரோடு வரச் சொன்னால் பஸ் வேளைக்கு வரப்போவதில்லை. அந்த வழியில் வரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேற்றடியில் வைத்து, பஸ் வந்து பத்து நிமிடம் வரை உள்ளே எடுக்கலாம். பஸ் டிப்போவுக்கு அதிபர் எழுதும் கடிதத்தோடு இணைக்க அந்தப் பட்டியலே ஆதாரமாகும். சகோதரங்களை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, பக்கத்து ஆரம்பப் பாடசாலை அதிபரோடு பேசி அந்தக் கேற்றைக் கால்மணி முந்தித் திறக்க வைக்கலாம். நித்திரையால் பிந்துகிறவர்களுக்கு விதி அப்படியே இருக்கட்டும். இந்த வேறுபாட்டை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே உங்களைவிடக் கடுமையாக இருப்பார்கள்.

"பெற்றோரோடு வா" என்ற வரி தனியாக ஒரு கேடு. எங்கள் இரு மாவட்டங்களிலும் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பாசிரியர்களைக் கேளுங்கள். வேளாண்மைக் காலத்தில் தகப்பன் விடியமுதல் வயலுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை பெற்றோரைக் கூட்டிவர வீட்டுக்குப் போவதில்லை, வீதியில் நிற்கும், அல்லது அன்று பாடசாலையைக் கைவிடும். கேற்றுக்கு வெளியே பாடசாலைச் சீருடையில் நிற்கும் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று கடிதம் எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இதையெல்லாம் ஒரு பிள்ளை மேடையில் நின்று அதிதி முன்னால் சொல்லாது. துண்டில் எழுதும்.

கேட்கும் முறையில்தான் இந்த வேலை நிற்கும் அல்லது விழும். 40 நிமிடப் பாடவேளை ஒன்று போதும். வகுப்பாசிரியர்கள் அன்றைக்கு மட்டும் வகுப்பு மாறிக்கொள்ள வேண்டும், தன் வகுப்பாசிரியர் முன்னால் அவரைத் தொடும் எதையும் பிள்ளை எழுதாது. முதல் ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் கேள்வியை வாசித்து, இதில் எது மாறலாம், எது மாறாது என்று சொல்ல வேண்டும். பிறகு பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல் எழுத வேண்டும். முதலில் பேசவிட்டால் முன்வாங்குப் பிள்ளைகள் சொன்னதையே மற்றவர்களும் எழுதுவார்கள். அதன்பின் ஐந்தைந்து பேராக, கலவன் பாடசாலையில் ஆண்பிள்ளைகள் வேறு பெண்பிள்ளைகள் வேறாக, கால்மணி நேரம் கதைக்கலாம். மலசலகூடம், மாதவிடாய்த் தேவைகள் பற்றிய கேள்வியென்றால் பெண்பிள்ளைகளிடம் ஓர் ஆசிரியை தனியாகக் கேட்க வேண்டும், கலவன் கூட்டத்தில் அதற்குப் பதில் வரவே வராது. கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பின் சார்பில் இரண்டு வசனம், இரண்டு பிரதிநிதிகள். அந்தப் பிரதிநிதிகள் மாணவத் தலைவர்களாக இருக்கக் கூடாது. மாணவத் தலைவர் விதியை நடைமுறைப்படுத்துகிறவர், அவரிடமே விதியைப் பற்றி முறையிடச் சொல்வது பொருந்தாது. அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கும் சிறிய பாடசாலையென்றால் இவ்வளவும் வேண்டாம், தரம் தரமாக வட்டமாக இருத்திக் கேட்கலாம், துண்டு மட்டும் கட்டாயம்.

துண்டில் இயன்றளவு சரி அடையாளம் போடும் கட்டங்கள் இருக்கட்டும். முப்பது பேர் வகுப்பில் கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. "இதை எழுதினது யார்?" என்று ஓர் ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் கேட்டுவிட்டால் அந்தப் பாடசாலையில் இந்த வேலை அந்த வருடத்துக்கு முடிந்தது.

பிறகு பதில். பிரதிநிதிகளின் கூட்டம் முடிந்து 14 நாட்களுக்குள் அதிபர் எழுத்தில் பதில் கொடுத்து, அதைக் காலைக்கூட்டத்தில் வாசித்து, அறிவித்தல் பலகையிலும் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரே மூன்றில் ஒன்று இருக்கலாம். ஏற்றோம், எப்போதிருந்து என்பது ஒன்று. ஒரு பகுதியை ஏற்றோம், எந்தப் பகுதி என்பது இன்னொன்று. ஏற்கவில்லை, காரணம் இது என்பது மூன்றாவது. மூன்றாவதை எழுதப் பயப்பட வேண்டாம். காரணத்தோடு வரும் மறுப்பைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள், பதிலே வராததைத்தான் மறப்பதில்லை. இந்த முறை உயிரோடு இருக்கிறதா என்று வெளியே இருந்து பார்க்கும் உங்களுக்கு அடையாளங்கள் உண்டு. அறிக்கைப் புத்தகத்தில் ஒரு மறுப்புக்கூட இல்லையென்றால் கடினமான எதையும் பிள்ளைகள் கேட்கவிடப்படவில்லை. எல்லாத் துண்டிலும் ஒரே வசனம் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் தவணைத் துண்டுகளில் பாதி வெறுமையாக வந்தால், முதலாம் தவணைக் கேள்விக்குப் பதில் போகவில்லை.

இனிக் கற்பித்தல். இங்கே ஆசிரியர்களின் பயம் நியாயமானது. "ஆசிரியருக்குப் புள்ளி போடு" என்ற படிவம் வந்தால், சிரித்துப் பேசுகிறவருக்கும் வீட்டுவேலை குறைவாகக் கொடுக்கிறவருக்கும் புள்ளி கூடும். அப்படியான படிவம் எதையும் நாங்கள் கேட்கவில்லை, வந்தால் எதிர்ப்போம். தனக்கு எந்த இடத்தில் விளங்காமல் போனது என்பதைப் பிள்ளை துல்லியமாகச் சொல்லும். அதை மட்டும் கேட்டால் போதும்.

தரம் 10 கணிதத்தில் இருபடிக் கோவைகளின் காரணிகளை எடுப்போம். பாடம் முடிய ஆசிரியர் ஒரு துண்டில் செய்து முடித்த கணக்கு ஒன்றைக் கொடுக்கிறார்.

```
1)  x² − 7x + 12
2)  = x² − 3x − 4x + 12
3)  = x(x − 3) − 4(x − 3)
4)  = (x − 3)(x − 4)
```

"முதன்முதலில் விளங்காமல் போன வரியின் இலக்கத்துக்கு வட்டம் போடுங்கள். எல்லாம் விளங்கினால் ஒன்றும் போட வேண்டாம்." இவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை. "விளங்கியதா?" என்று வாயால் கேட்டால் வகுப்பு முழுக்க "ஓம் சேர்" என்றுவிடும். துண்டில் இரண்டாம் வரிக்கு வட்டங்கள் குவிந்தால், கூட்டினால் −7, பெருக்கினால் 12 வரும் எண்சோடியைத் தேடுவதில் சிக்கல். காரணிச் சோடிகளை எழுதிப் பார்க்கும் பயிற்சி இன்னொரு பாடவேளை தேவை. மூன்றாம் வரிக்குக் குவிந்தால் சிக்கல் வேறு. −4x + 12இலிருந்து −4ஐ வெளியே எடுக்கும்போது அடைப்புக்குள் +12 ஏன் −3 ஆனது என்பது விளங்கவில்லை. அந்த வகுப்புக்குக் காரணியை விட்டுவிட்டு, மறை எண்ணால் அடைப்பை விரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "திரும்பவும் ஒருக்கால் செய்கிறேன்" என்று அதே கணக்கை அதே மாதிரிச் செய்வதில் ஒரு பாடவேளை வீணாகப் போகும்.

துண்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் விட்டால் வேறொன்றும் வரும். "போட் அழிக்கக்குள்ள எழுதி முடியல்ல." "மறுகா ஒருக்கா சொல்லித் தாங்க." முதலாவது பிள்ளைக்குக் கணக்கில் பிரச்சினை இருக்காது, கொப்பியில் எழுதுவதா கேட்பதா என்ற தடுமாற்றம்தான். பலகையை இரண்டாகக் கோடு பிரித்து, ஒரு பக்கத்தைப் பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்தால் தீர்ந்துவிடும். இந்தத் துண்டுகள் ஆசிரியரின் கையோடு நிற்க வேண்டும். அதிபருக்கோ ஆசிரிய ஆலோசகருக்கோ உங்களுக்கோ போகக் கூடாது. பதவி உயர்வுக் கோப்பில் ஒருமுறை சேர்ந்தால், அடுத்த முறை வட்டம் இல்லாத துண்டுகள் மட்டுமே கிடைக்கும்.

எல்லைகளைச் சொல்லாமல் கேட்பது பிள்ளைகளை ஏமாற்றுவது. எந்த அலகு வேண்டும், எது வேண்டாம் என்பது பாடசாலையின் கையில் இல்லை, பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருகிறது. உயர்தரப் பரீட்சைக்கு வேண்டிய 80 சதவீத வரவை எந்தப் பாராளுமன்றமும் குறைக்க முடியாது. ஆசிரியர் நியமனம், இடமாற்றம், ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு என்ன தண்டனை என்பன பிள்ளைகளின் வாக்குக்கு வரவே கூடாது. சக மாணவர் ஒருவரின் தண்டனையை வகுப்பு தீர்மானிக்கத் தொடங்கினால் அது பழிவாங்கலாகத்தான் முடியும்.

இன்னொரு எல்லையை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பெரும்பான்மை எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் அளவுகோல் அல்ல. ஒரு வகுப்பில் அதிகமானோர் ரியூஷனில் அந்த அலகை முடித்துவிட்டு, "இதைத் திரும்பப் படிப்பிக்க வேண்டாம், கடந்தகால வினாத்தாள் செய்வோம்" என்று கேட்பார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்கள் பக்கமே வெற்றி. ரியூஷனுக்குக் காசில்லாத ஆறேழு பிள்ளைகளுக்கு அந்த அலகு கிடைக்கும் ஒரே இடம் அந்த வகுப்பறை. இங்கே ஆசிரியர் மறுத்தே ஆக வேண்டும், காரணத்தை அந்தப் பிள்ளைகளை நோக்கி விரல் நீட்டாமல் சொல்ல வேண்டும். உடை, வழிபாடு, உணவு போன்றவையும் இப்படியே. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பாடசாலைகள் எங்கள் இரு மாவட்டங்களிலும் உண்டு. ஒரு பகுதியினரின் உடையை மற்றப் பகுதியினரின் கையுயர்த்தலுக்கு விடுவது மாணவர் குரல் ஆகாது, அது ஊரில் உள்ள சண்டையை வகுப்புக்குள் கொண்டுவருவது. அடிப்பதும் அப்படித்தான். பிள்ளைகளே "அடித்தால்தான் சேர் திருந்துவான்கள்" என்று எழுதுவார்கள், எழுதுகிறார்கள். உடல்ரீதியான தண்டனை தடைசெய்யப்பட்டது, துண்டில் எத்தனை பேர் கேட்டாலும் அதைத் திறக்க முடியாது.

கடைசியாக இரகசியத்துக்கும் எல்லை உண்டு. துண்டில் யாரோ தன்னைத் துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை எழுதினால், அதைக் கிழித்தெறியவோ பிரதிநிதிகள் கையில் கொடுக்கவோ கூடாது. பெயரில்லாத துண்டாக இருந்தாலும் அந்த ஒன்று மட்டும் தனியாக எடுக்கப்பட்டு சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் போக வேண்டும். இதை எழுதத் தொடங்கும் முன்னரே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். பாடசாலைக்குள் சொல்ல முடியாத நிலை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைத் துண்டின் அடியிலேயே அச்சிடலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கேற் பற்றிய கடிதத்தை இடைநிறுத்துங்கள். பிள்ளைகளைக் கேட்டு முடியும்வரை, பிந்தி வரும் எந்தப் பிள்ளையும் பாடசாலை வளவுக்குள் எடுக்கப்பட வேண்டும். விசாரணை உள்ளே நடக்கட்டும். "பெற்றோரோடு" என்ற வரியை நிரந்தரமாக எடுத்துவிடுங்கள், பாதுகாவலருக்கு ஓர் அழைப்பு அல்லது ஒரு குறிப்பு போதும்.

மாணவர் பாராளுமன்ற அறிக்கைப் படிவத்திலிருந்து அதிதிகள், படங்கள் என்ற இரண்டு நிரல்களையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் கேட்டது, அதிபரின் பதில், பதில் கொடுத்த திகதி என்ற மூன்றைச் சேருங்கள். அமர்வுக்கு முன்னர் கேள்விகளை ஆசிரியர் எழுதிக் கொடுப்பதைத் தடைசெய்து எழுத்தில் அறிவியுங்கள்.

தவணைக்கு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, மேலே சொன்ன முறையில் எல்லாப் பாடசாலைகளிலும் கேட்கப்பட வேண்டும். எது பிள்ளைகளின் தீர்மானத்துக்குத் திறந்தது, எது திறக்காதது என்ற பட்டியலை வலயம் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டச் செய்ய வேண்டும்.

பாடத்துண்டுகளை விரும்பும் ஆசிரியர்கள் மட்டும் பயன்படுத்தட்டும். அவற்றை ஆசிரியர் மதிப்பீட்டுக்கோ மேற்பார்வைக்கோ எடுக்கமாட்டோம் என்று நீங்கள் கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும்.

இந்த மடலுக்கான பதிலை அடுத்த தவணை தொடங்குமுன் பாடசாலைகளுக்கு எழுத்தில் அனுப்புங்கள். எங்கள் கோரிக்கைகளில் ஏற்க முடியாதவை இருந்தால், எவை என்றும் ஏன் என்றும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பணியாற்றும், பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்